அப்பா எவ்வளவுக்கு வாங்கினார்?

இந்திய வருமான வரித் துறையின் நோட்டீஸில் அந்தக் கேள்வி ஒரு வரிதான். நீங்கள் விற்ற பங்குகளின் கொள்முதல் விலை என்ன, அதற்கு ஆதாரம் என்ன, பதினைந்து நாளில் தெரிவிக்கவும். வாங்கியவர் அப்பா. அவர் காலமாகி ஐந்தாண்டு ஆகிவிட்டது. காரைக்குடி வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் டிவிடெண்ட் வாரண்டுகளின் துண்டுச் சீட்டுகள் கொஞ்சம், ஒரு பழைய வங்கிப் பாஸ் புத்தகம், கறையான் பாதி தின்ற ஆண்டறிக்கைகள். விலை எழுதிய காகிதம் ஒன்றுகூட இல்லை.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு சாதாரணக் குடும்பம் தன் சேமிப்பில் வாங்கிய பட்டியலிட்ட பங்குகளை விற்று லாபம் பார்த்தால், அதற்கு மூலதன ஆதாய வரி என்று எதுவும் கிடையாது. அதனால் வாங்கிய சீட்டைப் பத்திரப்படுத்தும் பழக்கமும் நமக்கு இல்லை. ஊரில் இருந்த பெற்றோர் வழியாக இந்தியப் பங்குகள் கைக்கு வரும்போதுதான் சிக்கல். அவற்றை விற்றால் இந்தியா வரி கேட்கும். வரி லாபத்தின் மீது; லாபத்தைக் கணக்கிட விலை வேண்டும்.

ஆனால் பல குடும்பங்கள் தேடக் கூடாத ஒன்றைத் தேடி மாதக் கணக்கில் அலைகின்றன. பழைய பங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு, அப்பா கொடுத்த விலை தெரியாமலே முறையான பதில் எழுதிவிட முடியும். தெரிந்தே ஆக வேண்டியது வேறு: ஒவ்வொரு பங்கும் எந்த நாளில், எந்த வழியில் அவர் பெயருக்கு வந்தது என்பது.

ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்தே பார்ப்போம். எளிதாகப் புரிய வேண்டும் என்று எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

காரைக்குடியில் பிறந்து, கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்துவிட்ட ஒரு பெண். அப்பா ஊரில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் ஒரு சென்னை நிறுவனத்தின் பங்குகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். 2020-இல் காலமானார். 2021-இல் 3,000 பங்குகள் மகளின் டீமேட் கணக்குக்கு மாறின. 2023 நவம்பரில் ஒரு பங்கு 400 ரூபாய் வீதம் அத்தனையையும் விற்றார். வந்தது 12 லட்சம் ரூபாய்.

அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் பணம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்பட்டது. கொள்முதல் விலை கேட்டபோது அவரிடம் காகிதம் இல்லை. எனவே விலை பூஜ்யம் என்று வைத்து, முழு 12 லட்சத்தையும் லாபமாகக் கருதி, 10 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,24,800 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவருக்காக வரித் தாக்கல் செய்தவர், 2018-ஆம் ஆண்டுச் சந்தை விலையை எல்லாப் பங்குகளுக்கும் போட்டு, 1,16,480 ரூபாய் திரும்ப வர வேண்டும் என்று காட்டினார். தொகை பெரியது, ஆதாரம் எதுவும் இல்லை. விசாரணைக்கு எடுக்கப்பட்டு, 142(1) பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்தது.

யாருடைய விலை, எந்த நாள்

வாரிசாக வந்த சொத்துக்கு, அதை வாங்கியவர் கொடுத்த விலையே உங்கள் விலை என்கிறது இந்திய வருமான வரிச் சட்டம். அப்பா இறந்த நாளின் சந்தை விலையோ, பங்கு உங்கள் கணக்குக்கு மாறிய நாளின் விலையோ இதில் சேராது. தாத்தா வாங்கி, அப்பாவுக்கு வந்து, உங்களுக்கு வந்திருந்தால் தாத்தா கொடுத்த விலைதான் கணக்கு. அவர்கள் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேர்ந்துகொள்ளும்.

தரகர்களின் மென்பொருளுக்கு இது தெரியாது. வாரிசு மாற்றமாக வந்த பங்கை அது மாறிய தேதியில் வாங்கியதாகவே பதிந்து வைக்கும்; விலையைப் பூஜ்யம் என்றோ அன்றைய சந்தை விலை என்றோ காட்டும். வரித் துறை இணையத்தளத்தில் உங்கள் பெயரில் தெரியும் `AIS` அறிக்கையிலும் விலைக் கட்டம் பல சமயம் பூஜ்யமாகவே இருக்கும். அதிகாரி பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். அதனால் உங்கள் பதில், இரு பதிவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று அவருக்கு விளக்குவதாக இருக்க வேண்டும்.

இனி முக்கியமான நாள்: 2018 ஜனவரி 31. சந்தையில் விற்ற பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு இந்தியா அந்த ஆண்டு மீண்டும் வரி விதித்தபோது, அதுவரை ஏறிய லாபத்தைத் தொடுவதில்லை என்று ஒரு சலுகை தந்தது. 2018 பிப்ரவரி 1-க்கு முன் வாங்கிய பங்காக இருந்தால் இரண்டு விலைகளை ஒப்பிட வேண்டும். ஒன்று, உண்மையில் கொடுத்த விலை. மற்றது, ஜனவரி 31 அன்று சந்தையில் பதிவான மிக உயர்ந்த விலை; ஆனால் அது விற்ற விலையை மிஞ்சக் கூடாது. இரண்டில் எது அதிகமோ அதுவே உங்கள் கொள்முதல் விலை.

அதாவது அப்பா 1994-இல் 60 ரூபாய்க்கு வாங்கினாரா, 80 ரூபாய்க்கு வாங்கினாரா என்பது, 2018-இல் அந்தப் பங்கு பல மடங்கு ஏறியிருந்தால், வரியை ஒரு காசுகூட மாற்றாது. மாற்றுவது தேதிதான். 2018 பிப்ரவரிக்கு முன் வந்த பங்குக்கு இந்தச் சலுகை உண்டு, பின் வந்த பங்குக்கு இல்லை. அந்தத் தேதியைச் சொல்லக்கூடிய இடம் பங்குப் பதிவாளரின் அலுவலகம்.

பதிவாளரிடம் என்ன கேட்பது

பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பங்குதாரர் பதிவுகளைக் கவனிக்க ஒரு பதிவாளர் இருப்பார். சென்னையின் கேமியோ, ஹைதராபாத்தின் கேஃபின், மும்பையின் எம்யுஎஃப்ஜி இன்டைம் ஆகியவை இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள். கடைசியாகச் சொன்னதை லிங்க் இன்டைம் என்ற பழைய பெயரில் பலருக்குத் தெரியும். உங்கள் நிறுவனத்தின் பதிவாளர் யார் என்பது அதன் ஆண்டறிக்கையில் இருக்கும். பெட்டியில் கிடைத்த 1998-ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்க்காதீர்கள். இந்த ஆண்டுக்கானதைப் பாருங்கள். பதிவாளர் மாறும்போது பழைய ஏடுகள் புதியவர் கைக்குப் போய்விடும்.

தரகர் தன் கணக்குகளைச் சில ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டையோ நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டும் என்பது இந்தியக் கம்பெனிச் சட்ட விதி. முப்பது வருஷத்துக்கு முந்தைய தேதியைத் தேடிப் பதிவாளரிடம் போவதற்கு இதுதான் காரணம்.

அங்கே போகக் கையில் ஃபோலியோ எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காகிதப் பங்குக் காலத்தில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் நிறுவனம் ஒரு ஃபோலியோ எண் கொடுத்தது. டிவிடெண்ட் வாரண்டின் துண்டுச் சீட்டில் அது இருக்கும். ஆண்டறிக்கை வந்த உறையில் ஒட்டிய முகவரிச் சீட்டிலும் இருக்கும். பெட்டியில் கிடக்கும் அந்தக் குப்பையை யாரும் கொளுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் எதுவுமே கிடைக்காவிட்டால் அப்பாவின் முழுப் பெயர், தலைப்பெழுத்தின் விரிவு, அன்றைய முகவரி ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். நம் ஊர்ப் பெயர்களில் அழ. என்றும் எஸ்.பி. என்றும் மாறி மாறி எழுதியிருப்பார்கள். ஒரே மனிதருக்கு இரண்டு ஃபோலியோக்கள் இருப்பது சாதாரணம். இரண்டையும் கேளுங்கள்.

கடிதத்தில் பலர் "என் அப்பாவின் கொள்முதல் விலையைத் தெரிவிக்கவும்" என்று எழுதுகிறார்கள். அதற்கு வரும் பதில் ஒரு வரியில் முடியும்: விலை விவரம் எங்களிடம் இல்லை. உண்மையும் அதுதான். சந்தையில் இருவருக்கிடையே நடந்த விற்பனையின் விலை பதிவாளரின் ஏட்டில் ஏறுவதில்லை. எனவே விலையைக் கேட்காமல் ஃபோலியோவின் வரலாற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்குத் தொகுதியும் எந்தத் தேதியில் வந்தது. நேரடி ஒதுக்கீடா, உரிமைப் பங்கா, போனஸா, மற்றவரிடமிருந்து பெயர் மாற்றமா. சான்றிதழ் எண்கள், பங்குகளின் தனித்த எண்கள். எந்த நாளில் டீமேட் ஆனது. காகிதப் பங்கு ஒவ்வொன்றுக்கும் வண்டிக்கு இருப்பதுபோல ஒரு தனி எண் உண்டு. 1994-இல் ஒதுக்கிய பங்கு எது, பின்னால் வந்த போனஸ் எது என்று அந்த எண்களை வைத்தே பிரித்துவிடலாம்.

ஒரே ஓர் இடத்தில் விலையும் பதிவாளரிடம் இருக்க வாய்ப்புண்டு. பழைய பெயர் மாற்றத்துக்கு 7பி என்ற படிவம் போட்டு, முத்திரை வில்லை ஒட்டி அனுப்புவார்கள். விற்ற தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் படிவத்தின் பிரதி இருந்தால் தாருங்கள் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பல இடங்களில் அழித்திருப்பார்கள். கேட்பதற்குச் செலவில்லை.

கடிதத்தோடு இறப்புச் சான்றிதழ், பங்குகள் உங்கள் பெயருக்கு மாறியதற்கான ஆதாரம், உங்கள் பான் அட்டை, கடவுச்சீட்டின் பிரதி ஆகியவை போக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரின் பிரதிகளுக்கு இந்தியத் தூதரகத்தின் அல்லது நோட்டரியின் சான்று கேட்பார்கள். இதற்கே ஒரு வாரம் ஓடிவிடும். அதனால் நோட்டீஸ் வந்த அன்றே வரித் துறைத் தளத்தில் `e-Proceedings` பக்கத்துக்குப் போய், பதிவாளருக்கு எழுதியிருக்கிறோம் என்ற காரணத்தோடு கால நீட்டிப்பு கேளுங்கள். கடிதம் அனுப்பிய அத்தாட்சியையும் இணையுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். பதிவாளர் பதிலே போடாவிட்டால் நிறுவனச் செயலாளருக்கு எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் `SCORES` தளத்தில் புகார் பதியலாம். அந்தப் பெயரைக் கேட்டாலே பல அலுவலகங்களில் கோப்பு நகரும்.

கூட்டினால் சரியாக வர வேண்டும்

கிள்ளான் பெண்ணுக்குப் பதிவாளரிடமிருந்து வந்த தாளில் நான்கு வரிகள். 1994-இல் பொது வெளியீட்டில் 100 பங்குகள் ஒதுக்கீடு. 1999 நவம்பரில் பெயர் மாற்றமாக 100. 2005-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸாக 200. 2008-இல் 400-உம் டீமேட் ஆகி ஃபோலியோ முடிந்தது.

அதற்குப் பிந்தைய கதை டீமேட் கணக்கில் இருக்கும். அப்பா கணக்கு வைத்திருந்த வங்கியிடமோ தரகு நிறுவனத்திடமோ, கணக்கு தொடங்கிய நாள் முதல் மூடிய நாள் வரையிலான பரிவர்த்தனை அறிக்கை வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆண்டு இறுதி இருப்பை மட்டும் காட்டும் தாள் போதாது. வரவு வைத்த ஒவ்வொரு நாளும், வரவுக்கான காரணமும் தெரிய வேண்டும். இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த அறிக்கையில், 2011-இல் 400 பங்குகள் வெளியேறி அதே நாளில் வேறு ஐஎஸ்ஐஎன் எண்ணோடு 2,000 பங்குகள் உள்ளே வந்திருந்தன. பார்த்ததும் அப்பா எதையோ விற்று எதையோ வாங்கினார் என்று தோன்றும். இல்லை. 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாக நிறுவனம் பிரித்தது. பிரித்தால் அந்த எண்ணும் மாறிவிடும். கடைசியாக 2019-இல் 1,000 பங்குகள் வரவு. இரண்டுக்கு ஒன்று என்று நிறுவனம் கொடுத்த போனஸ்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 100, 100, 200 சேர்ந்து 400. ஐந்தாகப் பிரிந்து 2,000. போனஸ் 1,000 சேர்ந்து 3,000. மகள் விற்றதும் 3,000. ஒரு பங்குகூடப் பிசகாமல் இப்படிப் பொருந்துவதுதான் பதிலின் முதுகெலும்பு. பொருந்தாவிட்டால் அனுப்பாதீர்கள். நடுவில் ஓர் உரிமைப் பங்கு வெளியீடு விட்டுப்போயிருக்கலாம். இரண்டாவது ஃபோலியோ ஒன்று இருக்கலாம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகளை முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றிவிடுவதும் சட்டம். குறைகிற பங்குகள் அங்கே போய் உட்கார்ந்திருக்கக் கூடும். வரி நோட்டீஸுக்குப் பதில் தேடப் போய்த் தெரியாத பங்கைக் கண்டுபிடித்த குடும்பங்களும் உண்டு.

கூட்டல் சரியாக வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. 2019-இல் வந்த அந்த 1,000 பங்குகளுக்கு 2018-ஆம் ஆண்டுச் சலுகை கிடையாது. அந்த நாளில் அவை இல்லவே இல்லை. போனஸ் பங்குக்குக் கொள்முதல் விலை பூஜ்யம் என்பது சட்டம். 2005-இல் வந்த போனஸும் பூஜ்ய விலைதான். ஆனால் அது 2018-க்கு முந்தையது என்பதால் ஜனவரி 31 விலை அதற்குக் கிடைக்கிறது. இரண்டும் போனஸ், இரண்டும் இலவசம்; தேதி மட்டும் வேறு. வரித் தாக்கல் செய்தவர் 3,000-க்கும் 2018 விலையைப் போட்டது இங்கேதான் தவறு. இன்ஃபோசிஸ் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது 2018 செப்டம்பரில்.

காணாமற்போன கான்ட்ராக்ட் நோட்

மிச்சமிருந்தது 1999-இல் வாங்கிய 100 பங்குகளின் விலை. அது பொது வெளியீடு அல்ல. சென்னையில் ஒரு தரகர் மூலம் வாங்கியது. தரகர் அலுவலகம் இருந்த இடத்தில் இன்று செல்பேசிக் கடை. அவர் உறுப்பினராக இருந்த சென்னைப் பங்குச் சந்தையே 2015-இல் செபி அனுமதியோடு கடையைக் கட்டிவிட்டது.

தரகர் இன்னும் தொழிலில் இருந்தால் கேட்க வேண்டியது கான்ட்ராக்ட் நோட்டின் நகல். அது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பேரேட்டில் அப்பாவின் பக்கம். வாங்கிய விலை, தரகு, தேதி எல்லாம் அதில் இருக்கும். தரகுத் தொகையைக் கொள்முதல் விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். தரகரே இல்லாவிட்டால் அப்பாவின் பாஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். பெயர் மாற்றத் தேதிக்கு ஓரிரு மாதம் முன்னால் தரகர் பெயருக்குப் போன காசோலை ஒன்று இருக்கக் கூடும்.

இங்கே எதுவும் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து சித்தப்பா போனில் ஒரு வழி சொன்னார். "நமக்குத் தெரிஞ்ச புரோக்கர் இருக்காரும்மா. பழைய தேதி போட்டு ஒரு லெட்டர் வாங்கிடலாம்." அன்பால் சொன்னதுதான். ஆனால் குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு வரியில் 50 சதவீதமாக இருக்கும் அபராதம், போலி ஆதாரம் என்றானதும் 200 சதவீதமாகும். அதைவிட, அந்தக் கடிதத்துக்குத் தேவையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1999-இல் வாங்கிய ஒரு பங்கு 2011-இல் ஐந்தாகப் பிரிந்தது. ஆகவே அன்று கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பகுதிதான் இன்றைய ஒரு பங்கின் அசல் விலை. 2018 ஜனவரி 31 அன்று பதிவான உச்ச விலை 340 ரூபாய். அப்பா கொடுத்த விலை இதை மிஞ்ச வேண்டுமானால் 1999-இல் அவர் ஒரு பங்குக்கு 1,700 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். மும்பைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பழைய விலைகள் இருக்கின்றன. அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பங்கு 200 ரூபாயைத் தாண்டவில்லை. அப்பா எந்த நாளில் எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும் 340 ரூபாயே அதிகம். சட்டம் அதைத்தான் எடுக்கச் சொல்கிறது. விலை தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அது தெரிந்தாலும் விடை மாறாது என்று காட்டிவிட்டால் போதும்.

2018 விலையை எங்கே எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். செல்பேசியில் பார்க்கும் விலை வரைபடங்கள், பின்னால் நடந்த பிரிப்பையும் போனஸையும் கழித்துத் திருத்திய விலையைக் காட்டுபவை. வரித் துறைக்கு வேண்டியது அன்றைக்குச் சந்தையில் உண்மையாகப் பதிவான விலை. பங்குச் சந்தைகள் அன்றாடம் வெளியிடும் விலைப் பட்டியலில் அந்த நாளுக்கானதை எடுத்து, `HIGH` என்ற கட்டத்தைப் பாருங்கள். பிறகு பிரிப்பு நடந்திருந்தால் நீங்களே வகுத்துக் காட்டுங்கள். உதாரணமாக எச்டிஎஃப்சி வங்கி 2019 செப்டம்பரில் 2 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகப் பிரித்தது. 2018 ஜனவரி விலை 2 ரூபாய்ப் பங்குக்கு உரியது. பிரிந்த ஒரு பங்குக்கு அதில் பாதி. நம் உதாரணத்தில் பிரிப்பு 2011-இலேயே முடிந்துவிட்டதால் அந்த வேலை இல்லை.

ஆக, 2018-க்கு முந்தைய 2,000 பங்குகளுக்கு 340 ரூபாய் வீதம் 6,80,000 ரூபாய். போனஸ் 1,000-க்குப் பூஜ்யம். 12 லட்சத்தில் கழித்தால் லாபம் 5,20,000. அந்த ஆண்டு விதிப்படி முதல் ஒரு லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 4,20,000-க்கு 10 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து 43,680 ரூபாய். பிடித்த 1,24,800-இல் இதைக் கழித்தால் திரும்ப வர வேண்டியது 81,120 ரூபாய். முதலில் கேட்ட 1,16,480 கிடைக்காது. ஆனால் ஆதாரமே இல்லை என்று அதிகாரி எல்லாவற்றுக்கும் விலையைப் பூஜ்யமாக்கியிருந்தால் திரும்பி வந்திருக்கக்கூடியது 10,400 மட்டும். பதிவாளர் தந்த அந்த நான்கு வரித் தாளின் மதிப்பு எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

2024 ஜூலை 23 முதல் விற்றவற்றுக்கு வரி 12.5 சதவீதம், வரியில்லாத தொகை ஒன்றேகால் லட்சம். 2018 சலுகை அப்படியே தொடர்கிறது. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். 2017 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய பங்குகளுக்கு இந்தியா - சிங்கப்பூர் வரி ஒப்பந்தத்தில் தனி விதி இருக்கிறது. வாரிசுக்கு 'வாங்கிய நாள்' எது என்பதை அவரோடு தீர்த்துக்கொண்ட பிறகே பதில் எழுதுங்கள். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது தேதிதான்.

உண்மையான விலை தேவைப்படும் இடமும் உண்டு. 2018-இல் விழுந்து கிடந்த பங்குகள் அவை. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வெளியீட்டில் சிறு முதலீட்டாளர்கள் ஒரு பங்குக்கு 430 ரூபாய் கொடுத்தார்கள். 2018-இல் சந்தை விலை அதற்கு வெகு கீழே. அங்கே அப்பா கொடுத்த விலையே அதிகம்; அதை நிரூபித்தால்தான் நஷ்டத்தைக் கணக்கில் காட்டலாம். நல்லவேளையாக, பொது வெளியீட்டில் வாங்கியதற்குத் தரகரைத் தேட வேண்டாம். ஒதுக்கீட்டுத் தேதியைப் பதிவேடு சொல்லும். விலையை வெளியீட்டு அறிக்கை சொல்லும். சந்தையில் வாங்கி விழுந்த பங்குக்குத்தான் கான்ட்ராக்ட் நோட் இல்லாமல் திண்டாட்டம். அதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. முந்தைய உரிமையாளர் கொடுத்த விலையைக் கண்டறியவே முடியாது என்றால், அது அவர் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாளைச் சொல்லப்போவதும் பதிவாளரின் தாளே.

பதிலில் என்ன எழுதினார்கள்

பதில் ஆங்கிலத்தில்தான் போனது. ஒரே பக்கம், பின்னால் இணைப்புகள். முதல் பத்தியில், பங்குகள் தந்தையிடமிருந்து வாரிசாக வந்தவை, எனவே 49(1) பிரிவின்படி தந்தையின் விலையும் காலமுமே பொருந்தும் என்று சொல்லி, இறப்புச் சான்றையும் கணக்கு மாற்றத்தையும் இணைத்தார்கள். `AIS` காட்டும் 2021-ஆம் ஆண்டுத் தேதி வாரிசு மாற்றத் தேதிதான், வாங்கிய தேதி அல்ல என்பதும் அதே பத்தியில். அடுத்து 100-இலிருந்து 3,000 வரை பங்குகள் வளர்ந்த கதை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண். பிறகு 1999 கான்ட்ராக்ட் நோட் கிடைக்கவில்லை என்ற ஒப்புதலும், அது ஏன் விடையை மாற்றாது என்ற கணக்கும்.

கடைசிப் பத்தியை எழுதத்தான் குடும்பத்தில் இரண்டு நாள் வாக்குவாதம். 2019 போனஸைத் தவறாகச் சேர்த்துவிட்டோம் என்று நாமே ஏன் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாமே என்றார் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன். ஆனால் இணைத்த டீமேட் அறிக்கையிலேயே அந்த வரவு இருக்கிறது. படிக்கத் தெரிந்த எவரும் கண்டுபிடித்துவிடுவார். தாக்கலைத் திருத்துவதற்கான கெடு முன்பே முடிந்துவிட்டதால், உண்மையைச் சொல்ல மிச்சமிருந்த இடம் இந்தப் பதில் மட்டுமே. அதிகாரி சுட்டிக்காட்டுமுன் முழு விவரத்தையும் தானாகத் தந்து, தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கியவர், அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கும்போது அவர் பக்கம் பேச ஏதோ இருக்கும். எனவே, 1,000 பங்குகளுக்கு விலை பூஜ்யம் என்று திருத்திக்கொள்கிறோம், திருத்திய வரி 43,680 ரூபாய் என்று எழுதினார்கள்.

அண்ணனுக்கும் அதே நிறுவனத்தில் அப்பாவின் பங்குகள் கொஞ்சம் வந்திருக்கின்றன, இன்னும் விற்கவில்லை. பதிவாளர் தாளின் நகல் ஒன்றும், 2018 ஜனவரி 31 விலைப் பட்டியலின் நகல் ஒன்றும் இப்போது அவருக்கும் போயிருக்கின்றன. விற்கும் நாளில் வங்கி கொள்முதல் விலையைக் கேட்டதும் அவற்றைக் கொடுத்துவிட்டால், பூஜ்யத்தில் தொடங்கி ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்காது.